நல்ல ஃபேனைக் கெடுத்த தொண்ணூறு விநாடி

போன வாரம் அஸ்தம்பட்டி வீட்டில் ஃபேன் நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை டப்பியைக் கழற்றிக் காட்டினார். "கெபாசிட்டர் போயிருச்சுங்க, ஃபேனை மொதல்ல தள்ளிவிடறது இதுதான். புதுசும் அசப்புல இதே மாதிரிதான் இருக்கும், கலந்துறாம வைங்க." எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என் கதை தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன், சிரித்துத் தொலையுங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே பழுதுபார்ப்போர் மன்றம் என்று ஒன்று நடத்தினோம். விடுதியில் மிக்ஸி, கெட்டில், இஸ்திரிப் பெட்டி எது செத்தாலும் எங்களிடம் வரும். பாதி பிழைக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒரு குச்சு அறைதான் எங்கள் சொத்து. அந்த வருடம் ஒரு உத்தரவு போட்டார்கள்: அறிமுக நாள் சாயங்காலத்துக்குள் முதலாண்டுப் பிள்ளைகள் பதினைந்து பேர் சேராவிட்டால் அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். உத்தரவு போட்டவர் வீட்டு மிக்ஸியையும் நாங்கள்தான் சரிசெய்திருந்தோம். நன்றிகெட்ட உலகம்.

அறிமுக நாளில் ஒவ்வொரு மன்றத்துக்கும் மேடையில் தொண்ணூறு விநாடி. வரிசை சீட்டுக் குலுக்கி. எழுபத்தைந்தில் மணி அடிப்பார்கள், தொண்ணூற்றில் மைக்கை அணைத்துவிடுவார்கள். மற்ற மன்றத்துக்காரர்கள் முதல்வரில் ஆரம்பித்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லியே நாற்பது விநாடியைத் தின்பார்கள். எங்கள் மன்றத் தலைவன் தங்கவேல் அதை ஒரே வணக்கமாக வெட்டினான். போர்வெல் போடும் ரிக் வண்டிக் குடும்பம், காரியக்காரன். அவன் போட்ட கணக்கு இது: பத்து விநாடி நாங்கள் யார் என்று. பத்து, டேபிள் ஃபேன் ஓடவில்லை என்று காட்ட. நாற்பது, அவன் பேசப் பேச நான் கெபாசிட்டரை மாற்ற. பத்து, ஓடவிட. கடைசி இருபது, எங்கே வருவது, என்றைக்கு வருவது, எந்த மேசையில் பெயர் கொடுப்பது.

பன்னிரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நல்லதைக் கழற்றிவிட்டுச் செத்ததை மறுபடி மாட்டி வைக்க வேண்டும். அது என் வேலை. எங்கள் சீட்டு பதினொன்று. மேடைக்குப் பின்னால் கடைசி ஒத்திகை முடிந்து ஃபேன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவது மன்றம் வரவில்லையாம். "அடுத்து நீங்கதான், ஓடுங்க!" என்று விரட்டினார்கள். ஓடினோம்.

தங்கவேல் கம்பீரமாகச் சொன்னான்: "இந்த ஃபேன் ஓடாது." நான் சுவிட்சைப் போட்டேன். ஓடியது. முன்வரிசையின் தாள்களெல்லாம் பறக்கிற மாதிரி ஓடியது.

அரங்கமே கத்தியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற புத்தி எங்களுக்கு ஏது? மனப்பாடம் செய்ததை அவன் ஒப்பித்தான், பழகிய கை என்னுடையது. பிளக்கைப் பிடுங்கி, இரண்டு திருகாணியைத் தளர்த்தி, நல்லதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, செத்ததை முறுக்கி மாட்டினேன். மணி அடித்தது. "இப்பப் பாருங்க, ஓடும்!" என்றான். ஃபேன் 'ம்ம்ம்' என்றது, அசையவில்லை. மைக் அணைந்தது. எங்கே வருவது என்று சொல்லவே இல்லை.

மேசைக்குத் திரும்பினால் ஒரு கூட்டம். "நல்ல ஃபேனைக் கெடுத்த அண்ணங்க நீங்கதானுங்களா?" சிரிக்க வந்தவர்களிடமெல்லாம் தங்கவேல் பேனாவை நீட்டினான். நாலு மணிக்குப் பதினான்கு பெயர். அதற்குமேல் யாரும் வரவில்லை.

அப்போது இளம்பிள்ளை ஊர்ப் பெண் ஒருத்தி, விசைத்தறிக்காரர் மகள், நேராக வந்து மேசைமேல் இருந்த ஃபேனின் சுவிட்சைப் போட்டு, இறக்கையைக் கையால் சுழற்றிவிட்டாள். ஃபேன் பிடித்துக்கொண்டு ஓடியது.

"கெபாசிட்டர்தானுங்கண்ணா. நல்லது உங்க பைக்குள்ள கெடக்குது."

"சாமி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது," என்று தங்கவேல் கெஞ்சினான்.

"நான் சேர வரலீங்க. ஊட்லயும் மோட்டார், இங்கயும் மோட்டாருங்களா? பஸ் போயிரும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"பாத்துட்டு எப்படீங்க சும்மா போறது?"

போகவும் இல்லை. பேசிக்கொண்டே செத்ததைக் கழற்றி, என்னிடம் கைநீட்டி நல்லதை வாங்கி மாட்டினாள். பஸ் போய்விட்டது. என்னை முறைத்தாள். "இனிமே திருப்புளி எங்கிட்டத்தான் இருக்கோணும். இந்தண்ணன் தொடக்கூடாது. சரீங்கன்னா போடறேன்."

தங்கவேல் என் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தான். துரோகி. அறை தப்பியது. மீதி வருடமெல்லாம் நான் வருகைப் பதிவேடு எழுதினேன்.

இப்போது மேடை இல்லை, மணி இல்லை, மேசை இல்லை. தொண்ணூறு விநாடி வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டுமாம். இந்த வருட வீடியோவை எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் எனக்கும் அனுப்பினார்கள். பின்னணி இசையோடு எல்லாம் முதல் தடவையே ஓடுகிறது. தங்கவேலுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லாத்தான்டா இருக்குது. ஆனா இதைப் பாத்துட்டு எவடா பஸ்ஸை உட்டுப்போட்டு நிப்பா?"