கைவிட்டது யார்?

சமூகப்பணிப் படிப்பின் கடைசி ஆண்டில் தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய்க் களக்குறிப்பு எழுதவேண்டும். அதை வைத்து உதவி கேட்பவரின் நிலையை ஒரு பக்கத்தில் சுருக்கித் தரவேண்டும். கண்டது தனி, கேட்டது தனி, நான் நினைப்பது கடைசியில் தனி. மூன்றையும் குழப்பினால் மேற்பார்வையாளர் மேடம் விடமாட்டார். “பாவமான முகம்னு எழுதியிருக்கியே, அது எப்படிட்டி இருக்கும்? எனக்கு ஒண்ணு காட்டு பாப்போம்” என்பார். நான் காட்டிய முகத்தைப் பார்த்து அலுவலகமே சிரித்தது.

எனக்குக் கிடைத்த முதல் குடும்பம் கடையம் பக்கம். பீடி சுற்றும் ஒரு அக்காவும் அவர் மகளும். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லை. எங்கள் நிறுவனம் அதைக் கட்டும், ஆனால் கணவரால் கைவிடப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். கணவர் வீட்டில் இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார். நானும் அதற்குமேல் கேட்காமல், ‘கணவரால் கைவிடப்பட்ட இவர்’ என்று உருக்கமாக எழுதினேன். எனக்கே கண் கலங்கியது.

எழுதியதை உரியவரிடம் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் புதிது, அதனால் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே அக்காவின் மடியிலிருந்த பீடித் தட்டு கீழே இறங்கியது.

“யாரு யாரைக் கைவிட்டா? தெனமும் குடிச்சிட்டு வந்து அடிச்சான். ஒருநாள் மவ மேலயும் கை வச்சான். அவன் துணிமணியத் தூக்கி ரோட்டுல எறிஞ்சி, நாந்தான் வெரட்டி விட்டேன். இந்தத் தெருவே பாத்துச்சி. அத அழிச்சிட்டு இத எழுதுங்க.”

“அப்படி எழுதினா பணம் வராம போயிரும்க்கா.”

“அதுக்காவ அவன் என்னைய விட்டுட்டுப் போனான்னு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்?”

மகள் வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் திருத்தி எழுதியதில் மேடம் ஒரு வரியையும் மாற்றவில்லை. அக்கா சொன்னது சொன்னபடியே குழுவுக்குப் போனது. உதவி யாருக்கு என்று முடிவு செய்யும் குழுவில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் மூவர். கணவனையே வெளியேற்றும் அளவுக்குத் தைரியமான பெண்ணுக்கு நம் தயவு எதற்கு என்றார் ஒருவர். கணவர் தரப்பையும் கேட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். எனக்கு ரத்தம் கொதித்தது. அடி வாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்திருந்தாலும் உதவி இல்லை, எழுந்து நின்றாலும் இல்லை என்றால் அவர் என்னதான் செய்வது?

அக்காவின் சம்மதம் இல்லாமல் அந்த ஆளைப் பார்க்கக்கூடாது என்றார் மேடம். அக்கா யோசிக்கவே இல்லை. “குத்தாலத்துலதான் இருக்கான். போயி கேளுங்க. உண்மையச் சொல்லுவான்னு மட்டும் நெனச்சிராதீங்க. மவ படிப்பு விசயம் அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

குற்றாலத்தில் சீசன் நேரம். மெயின் அருவிக்குப் போகும் வழியில் குளிக்க வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். கூட வந்த மேடம், நாங்கள் யாரென்று சொல்லிவிட்டு, “அண்ணாச்சி, நீங்க ஏன் வீட்டுல இல்ல?” என்று மட்டும் கேட்டார். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெரட்டிட்டேன்னு சொல்லுதாளா? என்னையவா? ஆம்பளைய ஒருத்தி வெரட்ட முடியுமா? நாந்தான் அவ வேண்டாம்னு விட்டுட்டு வந்தேன். நல்லா எழுதிக்கோங்க!”

நன்றாக எழுதிக்கொண்டேன். சத்தமாகப் படித்தும் காட்டினேன். நாலு பேரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

அக்கா சொன்னது ஒரு பத்தி, அவர் சொன்னது ஒரு பத்தி, தெருவில் மூன்று வீட்டார் அக்கா பக்கம் சொன்னது இன்னொரு பத்தி. எல்லாவற்றையும் வைத்துத்தான் அனுப்பினோம். பெரியவர்கள் நடுப்பத்தியை மட்டும் படித்தார்கள் போலிருக்கிறது. ‘கைவிட்டதைக் கணவரே ஒப்புக்கொண்டுள்ளதால்’ என்று தொடங்கி, விடுதிக் கட்டணம் முழுவதையும் அனுமதித்தார்கள். சந்தோஷத்தில் குதிக்கவும் தோன்றியது, அந்தத் தாளைக் கிழிக்கவும் தோன்றியது.

நடந்ததை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

“நான் சொன்னது அதுல இருக்கா?”

“ஒரு எழுத்துகூட மாத்தலக்கா.”

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, பொட்டியக் கட்டு. உங்கப்பன் மொத மொதலா ஒனக்கு ஒரு நல்லது செஞ்சிருக்கான். அவனுக்கே தெரியாது.”