சந்தனம் பூசிய டிரோன்

கோலா பிலா பக்கத்து எஸ்டேட் கோயிலின் கும்பாபிஷேகத்தைப் படமெடுத்தது நான். கோபுரத்தைக் கட்டிய மேஸ்திரி என் அக்கா கணவர். டிரோன் புதுசு. புது லாரிக்குப் பூஜை போடுவதுபோல அதற்கும் போட்டு, நான்கு இறக்கைகளிலும் என் கையாலேயே கெட்டியாகச் சந்தனம் வைத்தேன்.

கலசத்தில் தண்ணீர் விழும் காட்சியைச் சரியாகப் பார்க்காமலே கோயில் வாட்சப் குழுவில் போட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கோயில் செயலாளர் வந்து நின்றார்.

"என்னா தம்பி, கோபுரம் அகார் அகார் ஜெல்லி மாதிரி ஆடுது? ஒங்க மாமா சிமெண்ட்டக் கொறச்சிட்டாரா?"

பக்கத்தில் இருந்த மாமா பாதி சாப்பாட்டில் இலையை மூடினார். சுவா என்ற ஊரில் இன்னொரு கோயில் வேலை அவருக்குப் பேச்சளவில் இருந்தது. அந்தக் கோயில் குழுவிலும் வீடியோ போய்விட்டதாம்.

பாரோய் ஊரில் என் வீட்டுக் கணினியில் முதலில் ஆட்டத்தை நிறுத்தும் மென்பொருளை ஓட்டினேன். படம் மொத்தமாக அசைவது நின்றது, ஆனால் கோபுரம் உள்ளுக்குள் இன்னும் நெளிந்தது. கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது. காய்ந்த சந்தனத்தால் இறக்கைகளின் எடை சமமில்லாமல் போய், டிரோன் அதிர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் கொஞ்சம் நகர்ந்த இடத்திலிருந்து பதிவாகியிருக்கிறது. முழுப் படத்தையும் இழுத்து நேராக்கினால் அது எப்படிப் போகும்?

வரிவரியாகத் திருத்தும் வசதியைத் திறந்தேன். அது கோபுரத்தில் பல உயரங்களில் புள்ளிகளைப் பிடித்து, எந்த வரி பதிவானபோது கேமரா எவ்வளவு விலகியிருந்தது என்று கணக்கிட்டு, அந்த வரியை அத்தனை தூரம் திருப்பித் தள்ளியது. விளிம்புகளில் லேசான நடுக்கம் மட்டும் மிஞ்சியது. அப்பாடா என்று அதைச் செயலாளருக்குக் காட்டினேன்.

"கம்ப்யூட்டர்ல நிமித்திட்டு வந்து காட்டுறியே தம்பி, யாரு லா நம்புவா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. என் பழைய வீடியோவிலேயே பக்கத்துக் கொடிமரமும் சேர்ந்து நெளிவதைக் காட்டினேன். "அதுவும் எங்க மாமா கட்டுனதா?" என்றேன். கமிட்டி முன்னால் வந்து காட்டச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, கமிட்டி முன்னால் சந்தனம் வைத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். இறக்கைகளைச் சுத்தமாகக் கழுவி, அதே உயரத்தில் மறுபடி பறக்கவிட்டேன். எந்தத் திருத்தமும் செய்யாமல் அங்கேயே போட்டுக் காட்டினேன். கோபுரம் அசையாமல் நின்றது. "சரி, சரி" என்று செயலாளர் டீ வரவழைத்தார். அந்த வீடியோவையும் குழுவில் போட்டேன்.

சுவா வேலை வேறு மேஸ்திரிக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆடுனத அத்தன பேரு அனுப்புனாங்கடா. நின்னத ஒருத்தனும் அனுப்பல."