உவர் என்ற சொல்

அறுபதுகளின் நடுவில் நான் கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மண் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். தாவரவியல் படித்திருந்தேன். நிலையத்தில் பெண் உத்தியோகத்தர் நான் ஒருத்திதான். ஆய்வுகூடத்தோடு ஒட்டியிருந்த சின்ன நூலக அறையும் என் பொறுப்பில் இருந்தது. அதனால் இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. நிலையத்தில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் திணைக்களச் சஞ்சிகைக்குப் போகுமுன் அவற்றின் தலைப்பையும் திறவுச்சொற்களையும் உபதலைப்புகளையும் படித்து, சரி என்று கையெழுத்திட வேண்டும். உள்ளே இருப்பதைத்தான் தலைப்புச் சொல்கிறதா, தேவைப்படுகிறவன் கண்ணில் அது படுமா என்ற இரண்டு கேள்விகள்தான்.

யாருக்கும் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஆண்களுக்கு மண்வெட்டியும் தராசும், மிஸ்ஸுக்குத் தலைப்பு. அப்படித்தான் தந்தார்கள். நான் அதை அப்படி வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் வந்த கட்டுரை, என்னோடு வேலை செய்த ஆராய்ச்சி உத்தியோகத்தர் ஒருவர் எழுதியது. பருத்தித்துறைப் பக்கத்து மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். குளத்துப் பாசனத்தில் குடியேறிய குடும்பங்களின் வயல்களில், வாய்க்காலின் கடைசியில் இருந்த நிலங்களில், இரண்டு போகம் பரிசோதனை செய்திருந்தார். அந்த நிலங்களில் வெயில் காலத்தில் மண் வெள்ளையாகப் பூக்கும். நாற்று நுனி கருகி, திட்டுத்திட்டாகச் செத்துப்போகும். சில துண்டுகளில் வடிகால் வெட்டினார், சிலவற்றுக்கு ஜிப்சம் போட்டார், சிலவற்றுக்கு இரண்டும் செய்தார், சிலவற்றைச் சும்மா விட்டார். மண்ணைப் பரிசோதித்தது நான். முல்லைத்தீவுக் கரையில், வலை இழுக்கிற வீட்டில் பிறந்தவள் நான். மண் கரைசலை மின்கடத்துதிறன் அளக்கும் கருவியில் வைக்கும்போதே அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மண் எடுக்கப் போன ஒருநாள், கடைசி வயல்காரி ஒருத்தி வரப்பில் நின்று கேட்டா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. யாழ்ப்பாணத்திலிருந்து புருஷனோடு வந்து காடு வெட்டிக் குடியேறினவ.

"தங்கச்சி, இதை எங்கையோ எழுதி அனுப்புவியளோ?"

"ஓம் அக்கா, எழுதுவம்."

"உப்பெண்டு எழுதுங்கோ. காணிக் கந்தோரால வந்தவையள் நாங்கள் சோம்பேறியள் எண்டு எழுதிக்கொண்டு போயிட்டினம். விளைச்சல் காட்டாட்டிப் பெர்மிட்டை வெட்டுவினமாம்."

காணி அலுவலகம் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தால் காணியே போய்விடும்; அப்படியும் அவ குரல் உயரவில்லை. நான் எழுதுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்துத் தட்டச்சுப் பிரதி என் மேசைக்கு வந்தது. கட்டுரை ஆங்கிலத்தில், அந்நாளில் வேறு மொழியில் எழுதுவாரில்லை. தமிழில் சொன்னால் தலைப்பு இதுதான்: 'இலங்கையின் வட பகுதியில் நெல் விளைச்சலை மேம்படுத்துவது பற்றிய சில அவதானங்கள்.' திறவுச்சொற்கள்: நெல், விளைச்சல், மண் மேம்பாடு, கார மண். எழுதியவர்களின் பெயர்களில் முதலாவது எங்கள் நிலையப் பொறுப்பாளருடையது.

நான் உள்ளே படித்தேன். வேலை நல்ல வேலை. வடிகால் வெட்டிய துண்டுகளில் உவர் இறங்கி விளைச்சல் ஏறியிருந்தது. ஜிப்சம் மட்டும் போட்ட துண்டுகளுக்கும் சும்மா விட்டவற்றுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் உவர் அளவுகள் இருந்த அட்டவணை 'பொதுக் குறிப்புகள்' என்ற உபதலைப்பின் கீழே கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. ஜிப்சத்தின் முடிவு 'மண் மேம்பாடு' என்பதன் கீழே இருந்தது. மேம்படாத ஒன்றுக்கு அந்தப் பெயர்.

எழுதியவரைக் கூப்பிட்டேன்.

"உவர் எண்ட சொல் தலைப்பில இல்லை. ஏன்?"

அவர் கதிரையில் உட்கார்ந்தபடி நிலத்தைப் பார்த்தார். "நான் போட்ட தலைப்பு வேறை, மிஸ். உவர் நிலங்களை மீட்டெடுத்தல் எண்டு போட்டனான். பொறுப்பாளர் சேர் வெட்டிப்போட்டார்."

"அதுவும் சரியில்லை," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மீட்டெடுத்ததெண்டு ரெண்டு போகத்தில எப்படிச் சொல்லுவியள்? ஒரு குளத்தின்ரை கடைசி வயல்கள் மட்டுந்தான் பாத்தனீங்கள். தலைப்பைப் பாத்தால் வட பகுதி முழுக்க அளந்த மாதிரி இருக்கு. மற்றது, கார மண் எண்ட திறவுச்சொல்லை எடுங்கோ. இது காரமில்லை. சோடியமும் பெரிசாயில்லை, பிஎச்சும் எட்டைத் தாண்டேல்லை. நான் அளந்தது. இது உவர் மண். ஜிப்சம் சோடியம் கூடின கார மண்ணுக்குத்தான். அதாலதான் இதில வேலை செய்யேல்லை. அந்தச் சொல்லை விட்டால் கார மண் வைச்சிருக்கிறவன் இதைப் படிச்சுப்போட்டு, ஜிப்சம் வீண் எண்டு நினைப்பான்."

அவருக்குக் கோபம் வந்தது, கொஞ்ச நேரம். பிறகு பேனாவை எடுத்தார்.

இருவருமாக இருந்து எழுதினோம். தலைப்பு: 'ஒரு பாசனக் குடியேற்றத்தின் கடைசி வயல்களில் வடிகாலும் ஜிப்சமும் மண்ணின் உவரிலும் நெல் விளைச்சலிலும் ஏற்படுத்திய விளைவு: வட இலங்கை.' நீளந்தான். குறைக்கக் குறைக்க ஏதாவது ஒரு உண்மை கீழே விழுந்தது. ஜிப்சத்தை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார், பலன் தரவில்லையே என்று. பலன் தராததையும் தேடுகிறவன் இருக்கிறான், காசைக் கொட்டுமுன் அவனுக்குத்தான் இது வேண்டும் என்றேன். 'விளைவு' என்ற சொல் பலன் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. திறவுச்சொற்களில் தலைப்பில் ஏற்கெனவே இருந்ததைத் திரும்பச் சொல்லாமல், நெல்லின் தாவரவியல் பெயர், மண்ணின் மின்கடத்துதிறன், உப்பைக் கழுவி வெளியேற்றுதல், நீர் தேங்கல் என்று போட்டோம். 'பொதுக் குறிப்புகள்' போய் 'வடிகாலுக்கு முன்னும் பின்னும் மண்ணின் உவர்' என்று வந்தது. 'மண் மேம்பாடு' போய் 'ஜிப்சம் இட்ட துண்டுகள்' என்று வந்தது.

பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதரல்ல. விதைநெல்லில் அவருக்கிருந்த அறிவு பெரியது.

"மிஸ், தலைப்பு வாசிக்கச் சொன்னால் தலைப்பை மாத்திறதோ?"

"பிழையெண்டால் சொல்லத்தானே வேணும், சேர்."

"இதில என்ன பிழை? சில அவதானங்கள். ஆருக்கும் நோகாது."

நூலகத்துக்குப் போய், பல நாட்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் திரட்டிக் கப்பலில் வரும் சாராம்சச் சஞ்சிகையின் வருடச் சொற்சுட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் வைத்தேன்.

"சேர், ஒரு வயல் வெள்ளையாப் பூத்துப்போச்சு. என்ன செய்யலாமெண்டு பாக்க நீங்கள் இதைத் திறக்கிறியள். எங்கை பாப்பியள்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'உவர்' என்ற சொல்லுக்குப் புரட்டினார். அதன் கீழே அரைப் பக்கம். பிறகு நான் 'நெல்' என்ற சொல்லுக்குப் புரட்டிக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் போனது.

"உங்கட தலைப்பு இதுக்குள்ள போய் விழும். உவரெண்டு தேடுறவனுக்கு ஆயுசுக்கும் கிடைக்காது."

அவர் சுட்டியை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, நான் எதிர்பாராத அளவுக்கு நேர்மையாகச் சொன்னார்:

"பிள்ளை, கிடைக்கக் கூடாதெண்டுதான் அந்தத் தலைப்பைப் போட்டனான். மந்திரிமார் வந்து படமெடுத்த குடியேற்றம் இது. அதில உப்புப் பூத்ததெண்டு நாங்களே அச்சில போட்டால், மேலையிருந்து என்னைத்தான் கேப்பினம்."

"அப்ப கட்டுரை எதுக்கு, சேர்?"

"வருஷ அறிக்கையில ஒரு கட்டுரை காட்ட வேணும்."

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"இடமாற்றத்துக்கு எழுதவேண்டி வரும்."

"எழுதுங்கோ. நான் கையெழுத்து வைச்சால், அந்தச் சனம் சோம்பேறியள் எண்டு நானும் சேர்ந்து சொன்ன மாதிரி. அது என்னால ஏலாது."

கட்டுரையை எழுதியவர் வாசலில் நின்றதை அப்போதுதான் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாரோ. அவர் உள்ளே வந்து, மேசையிலிருந்த தட்டச்சுப் பிரதியைக் கையில் எடுத்தார்.

"சேர், பழைய தலைப்போட போறதெண்டால் இது போகவேண்டாம். நான் திருப்பி எடுக்கிறன்."

இரண்டு வருடத்தில் அந்த மனிதர் பொறுப்பாளரிடம் 'ஓம் சேர்' தவிர வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரதி பொறுப்பாளரிடமே தங்கியது. ஒரு வாரமாக தேநீர் நேரத்தில் பொறுப்பாளர் தன் அறையிலேயே இருந்தார். வருட அறிக்கை அனுப்பும் நாள் நெருங்கியபோது பிரதி என் மேசைக்குத் திரும்பி வந்தது. எங்கள் தலைப்பு அப்படியே இருந்தது. அவருடைய பெயரை அவரே சிவப்பு மையால் வெட்டியிருந்தார். நான் கையெழுத்திட்டேன்.

அச்சில் வந்த மறு வருடம் காணிக் கந்தோருக்கு நாட்டின் தென் பகுதியிலிருந்து புதிய அதிகாரி ஒருவர் வந்தார். பெர்மிட் விசாரணைகள் அவர் கைக்குப் போயின. ஒருநாள் அவர் ஜீப்பில் எங்கள் நிலையத்துக்கு வந்து, திணைக்களச் சஞ்சிகையைக் கையில் பிடித்தபடி, இதை எழுதினவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எப்படிக் கண்டீர்கள் என்று நான் கேட்டேன். கோப்பிலே விளைச்சல் இல்லாத காணிகள் எல்லாம் ஒரே வாய்க்காலின் கடைசியில் இருந்தனவாம். மனிதர்கள் எல்லாருமா ஒரே இடத்தில் சோம்பேறிகளாக இருப்பார்கள் என்று யோசித்து, மாவட்ட அலுவலகமான கச்சேரியின் நூலகத்தில் சஞ்சிகைச் சுட்டியை எடுத்து, 'உவர்' என்றும் 'நீர் தேங்கல்' என்றும் பார்த்தாராம். எங்கள் கட்டுரை இரண்டின் கீழும் இருந்தது. உபதலைப்பைப் பார்த்து நேராக அட்டவணைக்கே போனேன் என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தக் குடும்பங்களின் பெர்மிட்டுகள் வெட்டப்படவில்லை. வடிகால் பாதிதான் வெட்டினார்கள்; பணம் முடிந்ததென்று நிறுத்திவிட்டார்கள். மேற்குப் பக்கத்து வயல்கள் அடுத்த சிறுபோகத்திலும் வெள்ளையாகத்தான் கிடந்தன. எல்லாம் வென்றோம் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு இடமாற்றம் வந்தது, சொன்னபடியே. மலைநாட்டுப் பக்கம். பொறுப்பாளர் கடிதத்தைத் தானே கொண்டுவந்து தந்தார்.

"குறை நினைக்காதையுங்கோ, மிஸ். இடமாற்றத்துக்கு நான் எழுதினது அப்பவே மேலை போயிட்டுது."

"நான் குறை நினைக்கேல்லை, சேர். திரும்ப நடந்தாலும் அதைத்தான் செய்வன்."

"தெரியும்," என்றார் அவர். தன் புதுக் கட்டுரையொன்றின் பிரதியை மேசையில் வைத்தார். "போறதுக்கு முந்தி இதையும் ஒருக்காப் பாருங்கோ."

விதைநெல் முளைதிறன் பற்றியது. தலைப்பில் 'சில' என்றொரு சொல் இருந்தது. வெட்டிவிட்டு, எத்தனை இனங்கள் என்று ஓரத்தில் எழுதிக் கேட்டேன்.