மேடைக்கு அடியில் இருந்த சாமான்

ஸ்டோர் கீப்பர் ஜாபர் உசேனிடம் 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. சேந்தமங்கலம் பக்கத்து அந்த ஜவ்வரிசி ஆலையில் எந்த மிஷின் படுத்தாலும் "பாயைக் கூப்பிடு" என்பார்கள். மனுஷன் ஆடி அசைந்து வருவார், பார்ப்பார், "கொஞ்சம் பொறுங்க" என்று போவார். சாயங்காலத்துக்குள் சாமானோடு நிற்பார். கணக்கில் இல்லாத சாமான் எங்கிருந்து முளைத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மிஷின் ஓடினால் சரி, யாருக்கென்ன!

சங்கதி இதுதான். பழுதான பாகத்துக்குப் புதுசு கொடுத்தால் கொடுத்ததை எழுதிவிடுவார். பழையதைப் பட்டறையில் சரிசெய்து வாங்கி வைப்பதை மட்டும் எழுதமாட்டார். எழுதினால், 'அதுதான் இருக்கிறதே' என்று அக்கவுண்ட்ஸ் தனபால் அடுத்த கொள்முதலை வெட்டிவிடுவார். அப்படிச் சேர்ந்ததையெல்லாம் ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு வாங்கிச் சேர்க்கக் கொல்லிமலையில் இருந்த டிப்போவில் போட்டு வைத்திருந்தார். ஆடிட்டர் அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருவதில்லை. ஒரு நட்டைக்கூட வெளியே விற்றவரில்லை, அது சத்தியம். ஆனால் பிடிபட்டால் எவன் நம்புவான்?

இரண்டாயிரத்து மூன்றில், கிழங்கு வரத்து இல்லாத ஒரு நாளில், எம்.டி. சசிதரன் ஆபீஸ் மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றி அந்த டிப்போவுக்கே கூட்டிப் போனார். கீழே ஆலையில் கூட்டம் போட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்குமாம். பஸ்ஸைவிட்டு இறங்கிய ஜாபரின் கண் நேரே மேடைக்குப் போனது. மேடை வேண்டும் என்றதும் வாட்ச்மேன் சாமியப்பன் குடோனில் கிடந்த மரப்பெட்டிகளை இழுத்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்திருந்தான். அவ்வளவும் பாயின் பெட்டிகள்! அடப்பாவி, ஊரில் வேறு பலகையே கிடைக்கவில்லையா?

எம்.டி. மேலே ஏறி நின்றார்.

"நாம ஈ.ஆர்.பி. போடப்போறோம். கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டுல வரும். ஒருத்தர் ஒருக்கா ஏத்துனா எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கை ஆளுக்கொரு பக்கம் எழுதற வேலை இனி இல்லீங்க. ஆருக்கும் வேலை போகாது, ஆனா வேலை செய்யற விதம் மாறும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. உங்க பேர்ல பதிஞ்சதுக்கு நீங்கதான் பொறுப்பு. துண்டுச்சீட்டுல சாமான் கேட்கறது நின்னுபோகும். நானே போன் பண்ணிக் கேட்டாலும் தரப்படாது."

"நெசமாலுமா?" என்று லேப் ராதிகா கேட்டுவிட, கூட்டம் சிரித்தது.

"நெசமாத்தான் கண்ணு. ஏப்ரல்ல ஆரம்பம். அதுக்கு முன்னால எல்லாருக்கும் பயிற்சி உண்டு. கடைசியா, இருக்கற சாமான் அத்தனையும் எண்ணி, ஒவ்வொண்ணுக்கும் கோடு நம்பர் போட்டு ஏத்தோணும். இருப்பு தப்பா ஏறுச்சுன்னா கம்ப்யூட்டரும் தப்பாத்தான் சொல்லும். கணக்குல வராத சாமான் ஆராச்சும் வெச்சிருந்தா எண்ணிக்கைக்கு முன்னாலயே சொல்லிப்போடுங்க. ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அப்புறம் கண்டுபிடிச்சா கேட்பேன்."

 ஜாபர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். சொன்னால் இத்தனை வருஷத்து நாணயம் ஒரு நிமிஷத்தில் போகும். சொல்லாவிட்டால் எண்ண வருகிறவன் சொல்வான், அப்போது திருடன் என்றே முடிவு கட்டுவார்கள். மனுஷன் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் கீழ எறங்குங்க."

"ஏன் பாய்?"

"நீங்க நிக்கறதே அந்தச் சாமான் மேலதானுங்க."

எம்.டி. குனிந்து காலைப் பார்த்தார். இறங்கினார். ஜமக்காளத்தை விலக்கிப் பெட்டியைத் திறந்தால், கிழங்கு அரைக்கிற உருளை பளபளவென்று கிடந்தது.

"போன வருஷம் சீசன்ல அரவை நின்னப்போ கொண்டாந்தீங்களே, அது…"

"இங்கிருந்துதானுங்க. அப்போ கழட்டுன பழுதான உருளையைச் சரிபண்ணுனதுதான் இது." பாய் அடுத்த பெட்டியையும் திறந்து காட்டினார். "வித்ததில்லைங்க. பட்டறைக்காரரைக் கேட்டுப் பாருங்க."

"எதுக்கு? கேட்கமாட்டேன்னு சொன்னேனில்ல!" என்று எம்.டி. தனபால் பக்கம் திரும்பினார். "என்ன விலைக்கு ஏத்தறது?"

"செலவு அப்பவே எழுதியாச்சு. பூஜ்யம் விலைக்கு இருப்புல ஏத்திக்கலாங்க," என்றார் தனபால். பிறகு வேண்டாவெறுப்பாக, "நான் வெட்டாம இருந்திருந்தா அவரு ஒளிச்சிருக்கமாட்டாரு," என்றும் சொன்னார். தனபால் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை அந்த ஆலை கேட்டதே இல்லை.

"எதுல எத்தனை குறையாம இருக்கோணும்னு பாய் சொல்லட்டும். அதையும் ஏத்திருவோம். அதுக்குக் கீழ போனா கம்ப்யூட்டரே வாங்கச் சொல்லும். ஆரும் வெட்டவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்," என்றார் எம்.டி.

அவ்வளவுதான், மடை திறந்தது. ராதிகாவிடம் கணக்கில் வராத நாலு பாட்டில் ரசாயனம் இருந்தது. எலெக்ட்ரீசியன் சின்னுசாமி வீட்டுக் கட்டிலுக்கடியில் மோட்டார் காயில் வைத்திருந்தார். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எம்.டி. மிச்சப் பேச்சுக்காக மறுபடி பெட்டிமேல் கால் வைக்கப் போனார். ஜாபர் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாமுங்க. இனி அது கம்பெனி இருப்பு."

எம்.டி. காலை எடுத்துக்கொண்டு, தரையில் நின்றே பேசி முடித்தார்.