நிரப்பாமல் அனுப்ப முடியாது

சந்தேகம் என் பிறவிக் குணம். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் புகார்களைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்தது யார் தப்பு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொல்லிமலையிலும் அடிவாரத்திலும் விவசாயிகளுக்கான தகவல் மையங்களை எங்கள் அறக்கட்டளை நடத்தியது. ஊருக்கு ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், அதைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவர். மிளகு விலையும் மழை நிலவரமும் அங்கே பார்த்துச் சொல்வார்கள். மெஷின் கெட்டால் நாமக்கல்லில் இருந்த எனக்குக் கடிதம் எழுதுவார்கள். என்ன எழுதுவார்கள்? "கம்ப்யூட்டர் ஓடலைங்க சார்." அவ்வளவுதான். எது ஓடவில்லை, எப்போதிலிருந்து, கரண்ட் இருக்கிறதா, ஒன்றும் இருக்காது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்ப் பார்த்தால் பிளக் கழன்று கிடக்கும்.

ஒருநாள் வெறுத்துப்போய், இணையத்தில் ஒரு படிவம் செய்தேன். எல்லாக் கட்டத்துக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். மெஷின் எண், கோளாறு தொடங்கிய நாள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் வந்த செய்தி என்ன, அதை அப்படியே எழுதவும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் "இதை நிரப்பாமல் அனுப்ப முடியாது" என்று ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து மறிக்கும். அந்தப் பெட்டியில் அப்போது தமிழ் எழுத்து ஒழுங்காக வராது என்பதால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தேன். கடிதத்திலோ போனிலோ நேரிலோ சொல்லும் புகாரை இனிமேல் எடுக்கமாட்டேன் என்று எல்லா மையத்துக்கும் கடிதமும் போட்டேன். சிலர் கட்டத்தில் வெறும் புள்ளியாக வைத்து அனுப்பினார்கள். புள்ளியையும் தடுத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போதுதான் மலை மேல் இருந்த குண்டூர் நாட்டு மையத்திலிருந்து, கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று அந்தப் புகார் வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு பெண். மலையிலேயே பிறந்து வளர்ந்து, பன்னிரண்டாவது படித்து, மரவள்ளிக் காட்டு வேலைக்கு நடுவே மையத்தைத் திறப்பவர். திரையில் வந்த செய்தி என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது: "இதை நிரப்பாமல் அனுப்ப முடியாது."

என் வாக்கியத்தை எனக்கே திருப்பி அடித்திருக்கிறார். நக்கல்தானே? அடுத்த வாரமும் அதே புகார், அதே பதில். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அது மட்டுமா? எந்த மெஷினிலிருந்து அனுப்புகிறார்கள் என்ற விவரத்தைப் படிவம் தானாகவே குறித்துக்கொள்ளும். நாங்கள் கொடுத்ததில் இருந்தது பழைய விண்டோஸ். புகார் வந்ததோ புது விண்டோஸ் உள்ள மெஷினிலிருந்து. அப்படியானால் எங்கள் மெஷின் எங்கே? விற்றுவிட்டாரா? யார் வீட்டிலாவது சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா?

பொய்ப் புகார் என்று மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நேரில் பார்த்துவிட்டு மெஷினை எடுத்து வந்துவிடு, மையத்தை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். ஒரு காலி அட்டைப்பெட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பெண்ணின் வேலை அந்தப் பெட்டிக்குள் போகப்போகிறது என்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மையம் பூட்டிக் கிடந்தது. பார்த்தாயா, நினைத்தது சரிதான். பக்கத்து வீட்டு அம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கீழ போயிருக்குதுங்க. மத்தியான பஸ்ஸுக்கு வந்துரும்," என்றார்.

"அடிக்கடி போகுமா?"

"வாரம் தவறாம போவுதுங்க. என்னமோ எழுதிப்போடோணும்னு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷின் துணி போர்த்தி அங்கேயேதான் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மத்தியான பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏனுங்க சார், அதுக்குள்ள வந்துட்டீங்க! இப்பத்தான் சேந்தமங்கலத்துல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து உங்க புகார் பாரத்தைப் போட்டுட்டு வாரேன்."

"அங்க எதுக்குப் போனீங்க?"

"இந்த மெஷின்தான் ஓடலையேங்க. ஓடாத மெஷின்ல எப்படிங்க பாரம் போடறது?"

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று வைத்திருந்த புத்திசாலி நான்தான்.

இருந்தாலும் சந்தேகம் லேசில் விடுமா? "செய்தி என்னன்னு கேட்டா என் வார்த்தையையே எழுதுறீங்களே, கிண்டலா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கிண்டல் இல்லீங்க சார். நம்ம மெஷின்ல ஒரு எழுத்தும் வரலீங்க, கறுப்பாத்தான் கெடந்துச்சு. அதனால அந்தக் கட்டத்தை விட்டுட்டேன். விட்டா ஒரு பொட்டி வந்துச்சு. திரையில வந்த செய்தியை அப்படியே எழுதுன்னு நீங்க போட்டிருந்தீங்க. வந்தது அது ஒண்ணுதானுங்க."

சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறார்.

கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. உள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம், விட்டு விட்டு, மறுபடி மறுபடி.

"இந்தச் சத்தம் எப்போதிலிருந்து?"

"மொத நாள்லேருந்துங்க. சத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கும்னு தேடினேன், இல்லீங்களே."

அந்தச் சத்தம் ஒன்றே எனக்குப் போதும். எங்கள் மெஷின்களில் மெமரி அட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் இப்படித்தான் கத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, அட்டையை எடுத்தேன். மலைப்பனி ஈரத்தில் அதன் பொன்னிற விளிம்பு மங்கிக் கிடந்தது. பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதி, மறுபடி அழுத்தி வைத்தேன். திரை வந்தது. பத்து நிமிஷ வேலை. போனில் ஒரு வார்த்தை சொல்லவிட்டிருந்தால், அந்தப் பெண் வாரா வாரம் காட்டு வேலையைப் போட்டுவிட்டு மலை இறங்கியிருக்க வேண்டாம்.

அப்போதுதான் அவர் மூலையில் நான் வைத்திருந்த பெட்டியையும் கயிற்றையும் பார்த்தார்.

"இது எதுக்குங்க சார்?"

"வேற ஊருக்கு," என்றேன். பொய் சொல்ல எனக்கு ஒரு கட்டமும் தடையாக இல்லை. அவர் நம்பவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் அவர் மையத்தின் மெஷின் எண்ணை என் கையாலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மெஷினுக்குத் துணியைப் போர்த்தினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேலாளரிடம் போய், புகார் பொய்யில்லை, படிவம்தான் அப்படி எழுத வைத்தது என்றேன். மையம் தப்பித்தது. படிவத்தை மாற்றினேன். நட்சத்திரங்களை எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டவற்றுக்கு மட்டும் வைத்தேன். திரைச் செய்திக்குப் பக்கத்தில் "ஒன்றும் வரவில்லை" என்று குறிக்க ஓர் இடம், என்ன சத்தம் கேட்டது என்று ஒரு கட்டம், கெட்டது இந்த மெஷினா வேறு மெஷினா என்று ஒரு கேள்வி. மெஷினே ஓடாவிட்டால் போனில் சொல்லலாம். அதே கேள்விகளை நான் கேட்டு நானே எழுதிக்கொள்வேன். கடைசியில், விருப்பமிருந்தால் மட்டும், "வேறு ஏதாவது" என்று நட்சத்திரம் இல்லாத ஒரு கட்டம்.

இரண்டு மாதம் கழித்து குண்டூர் நாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. பிரிண்டர் தாளை இழுக்கவில்லை. நாள், நேரம், எரிந்த விளக்கின் நிறம், கேட்ட சத்தம், எல்லாம் கச்சிதம். இதற்குத்தானே நான் ஏங்கினேன்! கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். "பக்கத்து ஊட்டு அக்காவும் பாத்துச்சுங்க. வேணும்னா கேட்டுக்கோங்க. பொய் இல்லீங்க சார்," என்று இருந்தது.

அந்தக் கட்டத்தை நான் கட்டாயமாக்கியிருக்கவில்லை.