ஏலக்காய் எடுப்பும் கப்பல் தேதியும்

போடிநாயக்கனூரில் குழந்தைச் சட்டை தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் பிரின்ஸ், சரக்குத் தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஆர்டர் ரத்தாகிவிடுமோ என்று பயந்து, 'மழையால்' என்று தொடங்கினார்.

"மழையா? பாதிப் பேரு ஏலக்காய் எடுக்க மலைக்குப் போயிட்டோம்ணே. உள்ளத எழுதுங்க," என்றாள் தையல்காரி சுகன்யா. "புதுத் தேதிய எங்களக் கேட்டுப் போடுங்க."

பிரின்ஸ் 'மழையால்' என்பதை அடித்துவிட்டு, அவர்களிடம் தேதி கேட்டு எழுதினார்: ஏலக்காய் எடுப்பைப் பார்க்காமல் தேதி கொடுத்தது என் தவறு. இரண்டாயிரம் சட்டை பன்னிரண்டாம் தேதி தூத்துக்குடியில் கப்பலேறும். மீதி ஆயிரம் இருபத்தாறாம் தேதி.

மறுநாளே பதில் வந்தது. இரண்டு தேதிக்கும் சம்மதம். அடுத்த எடுப்பு எப்போது என்று சொன்னால், அதற்கேற்ப ஆர்டர் தருவார்களாம்.

"நல்ல மனுசங்க. சட்டைப் பெட்டிக்குள்ள ஒரு கை ஏலக்காய் போட்டு விடுவமா?" என்றாள் சுகன்யா.

"கஸ்டம்ஸ்ல மாட்டி, மறுபடியும் மன்னிப்புக் கடிதம் எழுதவா ஆத்தா?"

சிரிப்பு அடங்குமுன் மிஷின்கள் ஓடத் தொடங்கின.