ஒட்ட வெட்டிய நரை

நரைத்ததும் என் தலைமுடி கம்பியாகி, சீப்புக்கு அடங்காமல் நின்றது. அதனால் ஒட்ட வெட்டிக்கொண்டே இருந்தேன். தஞ்சாவூர் சலூன்காரர் ஒருநாள் கும்பிட்டுவிட்டார்.

"ஒட்ட வெட்டுனா இன்னும் குத்திக்கிட்டுதாங்க நிக்கும். ரெண்டு விரக்கடை வளர விடுங்க, கனத்துல தானா படியும். குளிச்சதும் ஈரத்தோட துளி தேங்காயெண்ணெய் தடவுங்க."

இரண்டு மாதத்தில் படிந்தது.

அந்தச் சமயம் தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சுவார்த்தை. விவசாயத் தொழிலாளர்களுக்காக நான் பேசினேன். எதிரே ஒரு மிராசுதார். அவருக்கும் கம்பி நரை. ஒரு பிடி நெல்கூட ஏற்றித் தர மறுத்தவர், டீ குடிக்கும்போது என்னிடம் குழைந்தார்.

"முடிய எப்படிங்க படிய வச்சீங்க?"

"ஒட்ட வெட்டிடுங்க. எண்ணெயே கூடாது."

அடுத்த பேச்சுக்கு அவர் வந்தபோது தலைமுடி, கதிர் அறுத்த வயலாகக் குத்திட்டு நின்றது. கூலி அன்றும் ஏறவில்லை. ஆனால் அவர் முன் குனிந்தே நிற்கும் எங்கள் ஆட்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.